சேஸா, லெவலா? ஆறு வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மின்விசிறி அசெம்பிளி செய்யும் ஆலையில் உற்பத்தித் திட்டம் போடுவது என் வேலை. முதல் இரண்டு வருடம் சேஸ், அடுத்த இரண்டு வருடம் லெவல், அப்புறம் இரண்டும் கலந்த ஒன்று என மூன்றையும் ஓட்டிவிட்டேன். சேஸ் என்றால் ஒவ்வொரு மாதத் தேவைக்கும் ஏற்ப ஆளைக் கூட்டிக் குறைப்பது. லெவல் என்றால் மாதாமாதம் ஒரே அளவு செய்து, மிஞ்சுவதைக் கிடங்கில் வைத்து, சீசனில் எடுத்துக் கொடுப்பது.

கணக்கைக் காட்டிவிட்டே பேசுகிறேன். எண்களை எளிதாக்கியிருக்கிறேன். ஆறு மாதத் தேவை 800, 1000, 1400, 1800, 1600, 1200, ஆக மொத்தம் 7800. எந்த மாடல் என்று பார்க்காமல் எல்லாமே 'ஒரு விசிறி'. ஒருவர் மாதம் 100 விசிறி செய்வார். தொடக்கத்தில் 10 பேர், கையிருப்பு இல்லை. ஒரு விசிறியை ஒரு மாதம் கிடங்கில் வைக்கும் செலவை 1 என்று வைத்துக்கொண்டால், ஓவர்டைமில் செய்யும் விசிறிக்குக் கூடுதலாக 4, புதிதாக ஒருவரைச் சேர்க்க 150, ஒருவரை நிறுத்த 200. வழக்கமான சம்பளம் இரண்டு முறையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

சேஸில் ஆள் எண்ணிக்கை 8, 10, 14, 18, 16, 12 என்று போகும். 10 பேரைச் சேர்க்கிறோம், 8 பேரை நிறுத்துகிறோம். செலவு 3100.

லெவலில்தான் நான் முதல் தடவை சறுக்கினேன். 7800-ஐ ஆறால் வகுத்தால் 1300, அதாவது 13 பேர். மொத்தம் சரியாக வருகிறதே என்று திட்டத்தைக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன். மாதக் கடைசி ஸ்டாக்கை வரிசையாக எழுதிப் பார்த்திருக்க வேண்டும்: 500, 800, 700, 200, அப்புறம் மைனஸ் 100. ஐந்தாம் மாதக் கடைசிக்குள் 6600 தேவை, அதுவரை செய்தது 6500. சராசரி போதும் என்று நம்பினால் இப்படித்தான் நடுவில் பள்ளம் விழும். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதம் வரைக்குமான கூட்டுத் தொகையைத்தான் முதலில் பார்ப்பேன். அந்த 100-ஐ ஓவர்டைமில் போட்டால், மூன்று பேர் சேர்க்க 450, கிடங்குக்கு 2300, ஓவர்டைமுக்கு 400, மொத்தம் 3150. கடைசியில் 100 விசிறி கையில் மிஞ்சும்.

3100-க்கும் 3150-க்கும் என்ன பெரிய வித்தியாசம், சேஸே இருக்கட்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் புதிதாக வந்தவர் முதல் மாதமே 100 செய்வதில்லை, 70 செய்தாலே நல்லது. சேஸில் பத்துப் பேர் புதிதாக வருகிறார்கள், ஆளுக்கு 30 வீதம் 300 விசிறி குறையும். அதுவும் தேவை ஏறும் மாதங்களில். அதை ஓவர்டைமில் ஈடுகட்ட 1200 கூடி, செலவு 4300 ஆகிறது. லெவலில் புதியவர் மூன்று பேர்தான், அவர்களும் முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறார்கள். குறையும் 90 விசிறியால் நான்கு மாதம் ஸ்டாக் குறைந்து 360 மிச்சமாகிறது, ஐந்தாம் மாதம் ஓவர்டைம் 360 கூடுகிறது. மொத்தம் அதே 3150. சேஸ் ஓடிய காலத்தில் லைன் கடைசியில் திரும்பி வந்த விசிறிகளை அடுக்கிப் பார்த்தால், யார் வந்து எத்தனை நாளாகிறது என்று சொல்லிவிடலாம்.

அதற்காக லெவல் நிம்மதி தந்தது என்று சொல்ல மாட்டேன். திட்டத்தில் இருப்பது 'ஒரு விசிறி', கிடங்கில் இருப்பதோ மாடலும் நிறமும். ஒரு வருடம் ஸ்டாக் எண் திட்டத்தோடு அச்சாகப் பொருந்தியது, ஆனால் கேட்ட மாடல் இல்லை. கேட்காத மாடல் கூரை வரை அடுக்கிக் கிடந்தது. இப்போது மந்தமான மாதங்களில் எல்லா மாடலுக்கும் பொதுவான மோட்டாரை மட்டும் அசெம்பிள் செய்து வைத்துவிடுகிறோம். இறக்கையும் நிறமும் ஆர்டர் தெளிந்த பிறகுதான். இதனால் சீசனில் கொஞ்சம் வேலை தேங்கும், பரவாயில்லை.

இப்போது ஓடுவது கலப்பு. 12 பேர் நிரந்தரம், மூன்றாம் மாதம் முதல் ஐந்தாம் மாதம் வரை கூடுதலாக இரண்டு பேர். புதியவர் 70 என்றே கணக்கில் எடுத்தாலும் ஸ்டாக் 340, 540, 480, 80 என்று போய், ஐந்தாம் மாதம் 120 ஓவர்டைமோடு பூஜ்ஜியத்தில் நிற்கிறது. நால்வரைச் சேர்க்க 600, இருவரை நிறுத்த 400, கிடங்கு 1440, ஓவர்டைம் 480, ஆக 2920. கையில் எதுவும் மிஞ்சாது.

நான்காம் மாதக் கடைசியில் இருக்கும் அந்த 80-தான் இதன் பலவீனம். தேவை ஐந்து சதவீதம் ஏறினாலே அது காலி. அதனால் மூன்றாம் மாதக் கடைசியில் ஸ்டாக் 480-க்குக் கீழே போனால், நான்காம் மாதத்துக்காகக் காத்திராமல் அந்த வாரமே ஓவர்டைமுக்கு ஆள் கேட்டுவிடுவேன். மேற்பார்வையாளர் முணுமுணுப்பார், ஐந்தாம் மாதம் கேட்டால் அதைவிட அதிகமாகவே திட்டுவார்.