டெஸ்ட் பாஸ் ஆன அன்னைக்கு வீட்ல தனியா ஆட: ஒத்த சொல்லாலயா, வாத்தி கமிங்கா, ராக்கம்மாவா?

முதல்லயே ரெண்டு பாட்ட தூக்கி ஓரமா வெச்சிடுறேன், ரவுடி பேபியும் அப்படிப் போடுவும். ரெண்டுமே வெறித்தனமான பாட்டுதான், ஆனா எதிர்ல ஆள் வேணும். தனுஷ் பாடி முடிச்சு தீ குரல் வர்ற எடத்துல நீங்க மட்டும் ஹால் நடுவுல நின்னு யாரப் பாத்து ஆடுவீங்க? கேக்க நல்லாருக்கும், ஆட பாதில தொங்கும்.

மிச்சம் இருக்கறதுல எனக்கு ஒத்த சொல்லாலதான் ஃபர்ஸ்ட். ஆடுகளம், 2011, ஜி.வி. பிரகாஷ் மியூசிக், வேல்முருகன் ஒரே குரல்ல பாடிட்டுப் போயிடுவார். அந்தப் பொண்ணு புடிச்சிருக்குன்னு சொன்ன சந்தோஷத்துல தனுஷ் லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு தன் பாட்டுக்கு ஆடுற பாட்டு, அதாவது சிச்சுவேஷனே 'பாஸ் ஆயிட்டேன்' தான். அதுக்கு தினேஷ் மாஸ்டருக்கு நேஷனல் அவார்டே குடுத்தாங்க, ஆனா பாத்தா யாரும் சொல்லிக்குடுத்த மாதிரியே இருக்காது, அதுதான் நமக்கு வசதி.

இன்னொரு காரணமும் இருக்கு. பெங்களூர்ல கார் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு சென்சார் வெச்ச ட்ராக்ல போய்ட்டு வந்தவங்களுக்குத் தெரியும், மேட்டுல வண்டிய நிறுத்தி பின்னாடி உருளாம எடுக்கணும், அதுக்கு முன்னாடி வாரக்கணக்கா சில்க் போர்டு ட்ராஃபிக்ல ஹாஃப் கிளட்ச் புடிச்சே ப்ராக்டீஸ் பண்ணிருப்போம். பாஸ் ஆன அன்னைக்கு சாயங்காலம் இடது கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கும். அந்தக் காலோட நுனிவிரல்ல குதிக்கிற பாட்டு போட்டா ரெண்டாவது நிமிஷம் சுளுக்கு. ஒத்த சொல்லாலக்கு முட்டிய மடக்கி பாதத்த தரையில முழுசா வெச்சு ஆடினா போதும், வெயிட்டு தொடைக்குப் போயிடும், கெண்டைக்கால் தப்பிக்கும். சாக்ஸ மட்டும் கழட்டிடுங்க, இங்க எல்லா ஃப்ளாட்லயும் அந்த வழவழ டைல்ஸ்தான்.

வாத்தி கமிங் (மாஸ்டர், 2021) வேற கணக்கு. அனிருத்தும் கானா பாலச்சந்தரும் பாடினது, ரெண்டு குரல் இருந்தாலும் டூயட் இல்ல, ஒரே கோஷ்டி. வேலையெல்லாம் தோள்லதான், கால் நின்ன எடத்துல நிக்கலாம், அதனால கட்டிலும் பீரோவும் போக ஒரு ஆள் நிக்க எடம் இருக்கற பி.ஜி. ரூமுக்கு இதான் செட் ஆகும். ஒரே சிக்கல் பேஸ். ப்ளூடூத் ஸ்பீக்கர தரையில வெச்சா கீழ் வீட்டு சீலிங்குக்குத்தான் மொத்த அடியும் போகும், நாலா மடிச்ச போர்வை மேல தூக்கி டேபிள்ல வெச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். எங்க கீழ் வீட்டு ஆன்ட்டி கன்னடக்காரங்க, ஒரு தடவ மேல வந்து "ஏனாய்த்தப்பா?"ன்னு கேட்டாங்க, லைசென்ஸ் வந்துச்சு ஆன்ட்டின்னேன், "ஹௌதா, ஸ்வீட் எல்லி?"ன்னுட்டுப் போயிட்டாங்க. எல்லா ஆன்ட்டியும் அப்படி இருக்க மாட்டாங்க, பத்து மணிக்கு மேலன்னா இயர்போன்தான். ஆனா ஒண்ணு, அந்தத் தோள் ஸ்டெப்ப விட்டா வேற ஒண்ணும் ஞாபகத்துக்கு வராது, ஒரு நிமிஷத்துல சரக்கு தீந்துடும்.

சி.ஏ. மாதிரி எக்ஸாம்னா நான் கட்சி மாறிடுவேன். லைசென்ஸ் டெஸ்ட்ல அன்னைக்கே முடிவு தெரிஞ்சிடும், உடம்பு சூடா இருக்கும். சி.ஏ. ரிசல்ட் எழுதி முடிச்சு பல வாரம் கழிச்சு ஒருநாள் ஃபோன்ல வரும், நாம ஆஃபீஸ் சேர்ல உக்காந்து இடுப்பு புடிச்சுப் போயிருப்போம், அந்த உடம்ப நேரா குத்துக்குள்ள தள்ளக் கூடாது. அதுக்கு ராக்கம்மா கையத் தட்டு, தளபதி, 1991. ராஜா முதல்ல வயலின்ல இழுத்து உள்ள கூட்டிட்டுப் போவார், எஸ்.பி.பி. வந்ததும் வெறும் கைதட்டல்ல ஆரம்பிக்கலாம், நடுவுல ஸ்வர்ணலதாவோட 'குனித்த புருவமும்' வரும் பாருங்க, அப்பர் தேவாரம், அங்க ஆட்டம் தானா அடங்கி மூச்சு வாங்க டைம் கெடைக்கும், சில பேருக்கு அழுகையும் அங்கதான் வரும், வரட்டும், அத்தன வருஷம் படிச்சது. அப்புறம் மறுபடியும் குத்து. பாட்டு நீளம்னு நடுவுல ஸ்கிப் பண்றவங்க அந்த எடத்தத்தான் இழக்கறாங்க.

மன்மத ராசாவ ஏன் சேக்கலன்னு கேப்பீங்க. அந்த வேகத்துக்கு ஃபர்ஸ்ட் பாட்டா போட்டா பல்லவி தாண்ட முடியாது, ராக்கம்மா முடிஞ்சும் தெம்பு இருந்தா போடுங்க, டீப்பாய நகத்திட்டு.