பெரிய ஸ்கிரீன் என்ற பேச்சை நம்பி எட்டு டிக்கெட் காசை விட்டேன்

நேற்று ராத்திரி நடந்தது. இன்னும் கோபம் தணியவில்லை, அதனால் வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தியேட்டர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பல ஸ்கிரீன் உள்ள வளாகம், அதில் ஒரே ஒரு ஹாலுக்கு மட்டும் ஒரு பெருமையான பெயர் வைத்து டிக்கெட்டை இரண்டு மடங்குக்கு விற்கிறார்கள். அவ்வளவு போதும்.

நாங்கள் நாலு பேர். பக்கத்து சாதாரண ஹாலில் அதே படம், அதே நேரம், பின்பாதியில் நட்டநடுவே நாலு சீட் சேர்ந்தாற்போல் காலியாக இருந்தது. அதைத்தான் கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் மானிட்டரை என் பக்கம் திருப்பி, பெரிய ஹாலின் வரைபடத்தில் முன்னாலிருந்து நாலாவது வரிசை, இடது ஓரத்தில் தங்க நிறத்தில் மின்னிய நாலு கட்டங்களை விரலால் தட்டினான். "சார், அது சின்னது. இதுல தரையிலேர்ந்து கூரை வரைக்கும் படம்தான். எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்." சிரித்த முகம். நான் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்கு எட்டு டிக்கெட் காசு.

படம் ஆரம்பித்ததும் மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு கறுப்புப் பட்டை. விளம்பரங்கள் மட்டும்தான் திரையை ஏறக்குறைய நிரப்பின. விஷயம் இதுதான்: அந்தத் திரையின் அகலம் உயரத்தைப் போல 1.90 மடங்கு. படமோ ஸ்கோப் என்கிற அகலமான வடிவத்தில் எடுத்தது, அதாவது அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு. திரை 18 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் உயரம் ஒன்பதரை மீட்டர் வரும், ஆனால் ஸ்கோப் படம் அதில் ஏழரை மீட்டரைத்தான் நிரப்பும். மேலேயும் கீழேயும் தலா ஒரு மீட்டர் சும்மா கிடக்கும். ஐந்தில் ஒரு பங்கு திரை வெறும் இருட்டு. கறுப்புத் துணியை இறக்கி அந்த இடத்தை மறைக்கவும் இல்லை, சாம்பல் நிறத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. உயரமான திரைக்கென்றே தனியாகப் பிரதி வரும் படமாக இருந்தால் அந்தக் காசுக்கு அர்த்தம் உண்டு. இது அப்படிப்பட்ட படமே இல்லை. பக்கத்து ஹாலின் ஸ்கோப் திரையில் இதே படம் விளிம்புக்கு விளிம்பு ஓடிக்கொண்டிருந்தது.

பட்டையைக்கூட மன்னித்துவிடலாம். சீட்டைத்தான் மன்னிக்க முடியவில்லை. வரைபடத்தில் திரை ஒரு சின்னக் கோடு. நேரில் போனால் அது எங்கள் நெற்றிக்கு மேல் நின்றது. படத்தின் மேல் விளிம்பைப் பார்க்கக் கண்ணை 35 டிகிரிக்கு மேல் உயர்த்த வேண்டியிருந்தால் அந்த வரிசையே சரியில்லை என்பது ஹால் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு. எங்களுக்கு 50 டிகிரியாவது இருந்திருக்கும். அப்பா இடைவேளை வரை ஒரு கையால் பிடரியைத் தாங்கியபடியே உட்கார்ந்திருந்தார். இடது ஓரத்திலிருந்து பார்ப்பதால் திரையின் வலது பக்கத்து முகமெல்லாம் ஒடுங்கித் தெரிந்தது.

சத்தம் அதைவிட மோசம். வசனம் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து வரும். எங்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்ததோ சுவர் ஸ்பீக்கர். மழைக் காட்சியில் மழை மட்டும்தான் கேட்டது, பேசியது கேட்கவில்லை. ஹாலின் ஒலியை அளந்து சரிசெய்யும்போது மைக்கை வைப்பது திரையிலிருந்து ஹால் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுப்பகுதியில். ஒலிக்கலவை செய்கிறவரும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் உட்காருவார். எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாம்!

இடைவேளையில் மேனேஜரிடம் போனேன். "படத்தையே அப்படித்தான் எடுத்திருக்காங்க சார்." உண்மைதான், அதனால்தான் இன்னும் எரிகிறது. தெரிந்துகொண்டுதானே விற்றீர்கள்? சீட்டை மாற்றச் சொன்னால் ஹவுஸ்ஃபுல் என்றார், பின்னால் மூன்று வரிசை காலியாக இருந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. கவுண்டருக்குப் போனால் பையன் ஷிப்ட் முடிந்து போய்விட்டானாம். காலையில் அனுப்பிய மின்னஞ்சலுக்கு "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி. எட்டு டிக்கெட் காசுக்கு ஒரு வரி.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. காசு கூடக் கொடுக்கும் முன் படம் ஸ்கோப்பா, அந்த ஹாலின் திரை எந்த விகிதம் என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் சாதாரண ஹாலே போதும். சீட்டுக்கும் திரைக்கும் இடையே திரையின் அகலம் அளவுக்காவது தூரம் இருக்கட்டும், ஒன்றரை மடங்குக்கு மேல் பின்னால் போனால் படம் சிறுத்துவிடும். சுவரை ஒட்டிய சீட் வேண்டவே வேண்டாம். தங்க நிறக் கட்டத்தை நம்பாதீர்கள், அது விலைக்குப் போட்ட நிறம். அப்பாவுக்கு இன்னும் கழுத்து திரும்பவில்லை, ஒத்தடம் கொடுக்கப் போகிறேன்.