மீட்டரா, பேக்கா? காந்தி ரோடு லாட்ஜ் ஒன்றின் கிளவுட் பில்லை வரிவரியாகப் பார்த்தபோது

வேலூர் காந்தி ரோட்டில் உள்ள ஒரு லாட்ஜின் முன்பதிவுத் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். ரயில் ஏறுவதற்கு முன்பே அறையின் படங்களைப் பார்த்து, லிஃப்ட் இருக்கிறதா, சமைத்துக்கொள்ள இடம் உண்டா என்று தெரிந்துகொண்டு பதிவு செய்துவிடுவார்கள். நோயாளியோடு நாலு பேர் கிளம்பி வருகிற இடம் என்பதால் அந்தத் தளம் ராத்திரி பகல் எந்நேரமும் ஓட வேண்டும்.

அந்தத் தளம் ஓடுகிற வாடகை சர்வருக்கு 2026 ஜனவரிக்கான கிளவுட் பில் 86.42 டாலர் வந்தது. லாட்ஜ்காரர் போனை என்னிடம் நீட்டி, "ஒரு மாசத்துக்கு எத்தனை மணி நேரம் தம்பி?" என்றார். 31 நாள் மாதம், 744 மணி என்றேன். "இதுல 1,074ன்னு போட்டிருக்கான். இருக்கிறது ஒரு மெஷின், அது எப்படிப்பா அத்தனை மணி நேரம் ஓடும்?" அவர் கேட்ட கேள்வி முற்றிலும் சரி. கிளவுட் பில்லில் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். அன்று உட்கார்ந்து அந்த பில்லை முழுக்கச் சரிபார்த்தேன். அதே மாதப் பயன்பாட்டை இன்னொரு நிறுவனத்தின் கட்டணத்திலும் போட்டுப் பார்த்தேன்.

இப்போது நாங்கள் இருப்பது மும்பை டேட்டா சென்டரில், மீட்டர் முறையில். சர்வருக்கு மணிக்கணக்கு, டிஸ்குக்கு ஜிபி கணக்கு, வெளியே போகும் டேட்டாவுக்குத் தனிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி மீட்டர். ஒப்பிட்டது பெங்களூரு டேட்டா சென்டர் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் மாத பேக். அதில் சர்வர், டிஸ்க், ஐபி முகவரி, 2,000 ஜிபி டேட்டா எல்லாம் ஒரே விலைக்குள் அடக்கம். இரண்டிலுமே சர்வர் 2 ஜிபி ரேம் கொண்டதுதான். என் இன்னொரு வாடிக்கையாளர் அந்த பேக்கில் இருப்பதால் அதன் பில்லும் எனக்குப் பழக்கம்.

முதலில் மணிக்கணக்கு. 1,074லிருந்து 744ஐக் கழித்தால் 330 மணி மிச்சம். அதாவது 13 நாளும் 18 மணியும். இரண்டாவது சர்வர் ஒன்று மாதக் கடைசிவரை ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பில்லில் மாதம் தொடங்குவதும் முடிவதும் `UTC` என்கிற உலகப் பொது நேரப்படி. நம் கடிகாரத்தில் ஜனவரி பில் பிப்ரவரி 1ஆம் தேதி காலை 5.30க்குத்தான் முடிகிறது. அங்கிருந்து 13 நாள் 18 மணி பின்னால் போனால் ஜனவரி 18, காலை 11.30. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை பணம் கட்டும் பக்கத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு சர்வரை ஏற்றினேன். சோதனை முடிந்தது, சர்வரை நிறுத்தவில்லை. தவறு என்னுடையது. அதை அவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

இப்படித் தேதியும் நேரமும் சரியாக வந்து பொருந்தினால்தான் மணிக்கணக்கு சரிபார்க்கப்பட்டதாக அர்த்தம். 'கொஞ்சம் கூடியிருக்கிறது, ஏதோ ஓடியிருக்கும்' என்று விட்டுவிட்டால் அது அடுத்த மாதமும் ஓடும்.

மறந்துபோன சர்வர் மூன்று வரிகளில் புகுந்திருந்தது. சர்வர் வாடகை மணிக்கு 0.0224 டாலர் என்பதால் 1,074 மணிக்கு 24.06. பொது ஐபி முகவரிக்கு மணிக்கு 0.005 வீதம் 5.37. டிஸ்குக்கு ஜிபிக்கு மாதம் 0.0912. அசல் சர்வரின் 40 ஜிபி முழு மாதத்துக்கு, சோதனை சர்வரின் 20 ஜிபி 744க்கு 330 பங்குக்கு. அந்த 20 ஜிபி பில்லில் 8.87 ஜிபியாகத்தான் வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆக 48.87 ஜிபிக்கு 4.46. மூன்றையும் சேர்த்து என் மறதியின் விலை 9.85 டாலர், வரி தனி.

ஆனால் பில்லில் பெரிய வரி இவற்றில் எதுவுமில்லை. வெளியே போன டேட்டா 460 ஜிபி. முதல் 100 ஜிபி இலவசம். மீதி 360 ஜிபிக்கு 0.1093 வீதம் 39.35 டாலர். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

```
24.06 + 5.37 + 4.46 + 39.35 = 73.24
73.24 × 0.18 = 13.18
73.24 + 13.18 = 86.42
```

கூட்டல் சரி. ஆனாலும் டேட்டா வரியைக் காட்டி லாட்ஜ்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். கட்டணப் பட்டியலில் முதல் 10 டிபிக்கு 0.1093, அடுத்த 40 டிபிக்கு 0.085 என்று அடுக்கடுக்காக இருக்கிறதே, நமக்கு ஏன் குறைந்த விலை போடவில்லை? இதை விளக்க ஈபி பில்தான் கைகொடுத்தது. 2022 செப்டம்பர் கட்டணப்படி வீட்டு இணைப்பில் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான அந்த 100 யூனிட்டுக்கும் 4.50 ஆகிவிடும். ஒரு யூனிட் கூடினாலும் ஏற்கெனவே எரித்ததற்கு 225 ரூபாய் அதிகம். கிளவுட் அடுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு அடுக்கின் விலையும் அந்த அடுக்கில் விழுகிற அளவுக்கு மட்டும்தான், பின்னால் போய் மாற்றாது. விலையும் ஏறாமல் இறங்குகிறது. ஆனால் 10 டிபி என்பது எங்கள் பயன்பாட்டைப் போல 20 மடங்குக்கு மேல். லாட்ஜுக்கு முதல் அடுக்கு ஒன்றுதான் உண்டு. கீழே உள்ள மலிவான விலைகளைப் பார்த்து மனக்கணக்குப் போடுவதில் பயனில்லை.

இலவச 100 ஜிபியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அது கணக்கு ஒன்றுக்கு, சர்வர் ஒன்றுக்கு அல்ல. இரண்டு சர்வர் வைத்தாலும் அதே 100தான். புதுக் கணக்குக்கு மாதம் 750 மணி இலவசம் என்று கொடுக்கிற சலுகைகளும் இப்படித்தான். ஒரு சர்வர் என்றால் 744 மணி அதற்குள் அடங்கும். இரண்டு ஓடினால் 16ஆம் நாளிலேயே தீர்ந்து, மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

இனி பேக் பக்கம். 2 ஜிபி ரேம் சர்வர் மணிக்கு 0.01786 டாலர். ஆனால் 672 மணிக்கு மேல் கணக்கு ஏறாது. 672 என்பது 28 நாள். அதோடு பெருக்கினால் 12.00 டாலர். மாதம் 28 நாளோ 31 நாளோ, தொகை அதேதான். இந்த உச்சவரம்பு எனக்கு மிகவும் பிடித்தது, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. நான் மறந்த சோதனை சர்வரை அவர்களுடைய சிறிய பேக்கில் ஏற்றியிருந்தால் 330 மணிக்கு 0.00893 வீதம் 2.95. டேட்டா 460 ஜிபி 2,000க்குள் அடங்கிவிடுவதால் பூஜ்யம். மொத்தம் 14.95, வரியோடு 17.64 டாலர். மீட்டரில் 86.42.

அந்த பில்லில் சரிபார்க்க வேண்டியது வேறு. 2,000 ஜிபி மாதத் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கிடைப்பதில்லை, மணிக்கு ஏறத்தாழ 2.976 ஜிபி வீதம் சேருகிறது. சர்வரை 10 நாளில் அழித்துவிட்டால் 240 மணிக்கு 714 ஜிபிதான் ஒதுக்கீடு. அதற்குள் 900 ஜிபி போயிருந்தால் 186 ஜிபிக்கு 0.01 வீதம் 1.86 டாலர் கட்ட வேண்டும். சின்னத் தொகை. ஆனால் காரணம் தெரியாதவருக்கு '2,000க்குள்தானே இருந்தோம்' என்று பில் தப்பாகத் தெரியும்.

இந்த இடத்திலேயே தீர்ப்பு சொல்லியிருக்கலாம். ஆனால் 460 ஜிபி எனக்கு உறுத்தியது. நாளுக்கு 14.8 ஜிபி. தளத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஆறு படம், ஒவ்வொன்றும் போனில் எடுத்தபடியே 4 எம்பி. ஒருவர் ஒருமுறை திறந்தால் 24 எம்பி. நாளுக்குச் சுமார் 620 முறை பக்கம் திறந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். படத்தை 200 கேபிக்குச் சுருக்கினால் மாதம் 23 ஜிபிதான், இலவச 100ஐயே தொடாது. கிராமத்துச் சிக்னலில் அறையைப் பார்க்கத் துடிக்கிற ஒரு குடும்பத்துக்கும் அது பெரிய உதவி. படத்தைச் சுருக்கி, சோதனை சர்வரையும் எடுத்துவிட்டால் மீட்டர் பில் வரிக்கு முன் 24.04 டாலர். பேக் 12.00. அப்போதும் பேக்தான் மலிவு, ஆனால் ஐந்து மடங்கு இருந்த வித்தியாசம் இரண்டு மடங்காகிறது.

லாட்ஜுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்மையான செலவு. நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத வரி, அதற்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. பில்லில் ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தாலும் அந்தத் தொகை திரும்ப வராது. ஆகவே இவருக்கு வரியோடுதான் ஒப்பிட வேண்டும். ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்கிறவருக்கு அந்த வரவு உண்டு, அவர் வரிக்கு முந்தைய தொகையை வைத்தே முடிவெடுக்கலாம்.

அப்படி ஒரு தோல் கம்பெனியின் கணக்கு சாஃப்ட்வேருக்கு மீட்டரே சரிப்படலாம். காலை 9 முதல் இரவு 7 வரை, 26 நாள், மொத்தம் 260 மணி. இரவில் சர்வரை நிறுத்திவிட்டால் வாடகை 5.82, டிஸ்க் 3.65, ஐபி 1.30, டேட்டா இலவசத்துக்குள். மொத்தம் 10.77. பேக்கில் சர்வரை நிறுத்தி வைத்தாலும் கணக்கு ஓடும், அழித்தால்தான் நிற்கும். அதனால் அங்கே 12.00. ஆனால் பாதுகாப்புக்காக நிலையான ஐபி வேண்டும் என்றால், சர்வர் நின்றிருக்கும் நேரத்துக்கும் மீட்டரில் ஐபி கட்டணம் உண்டு. 1.30 என்பது 3.72 ஆகி, மொத்தம் 13.19 ஆகிவிடும். ஒரே ஒரு வரி முடிவைத் திருப்பிவிடுகிறது.

லாட்ஜை பேக்குக்கு மாற்றுகிறோம். படங்களை முதலில் சுருக்கியாயிற்று. மாறும்போது ஒரு வாரம் இரண்டு பக்கமும் ஓடும், அந்தச் செலவைச் சொல்லி வைத்திருக்கிறேன். மீட்டர் பக்கத்தில் சர்வரை மட்டும் அழித்தால் போதாது, டிஸ்கும் நிலையான ஐபியும் தனியே தங்கிவிடலாம். அதனால் மூன்றையும் நீக்கிவிட்டு, அடுத்த முழு மாத பில்லில் சர்வர், டிஸ்க், ஐபி மூன்று வரியும் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் அந்தக் கணக்கிலிருந்து கார்டை எடுக்கப்போகிறோம்.