நீல விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

சேலத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 9,800 ரூபாய் போனது. அதைவிட, அம்மா மூன்று முறை வயிற்றுப்போக்கில் படுத்ததுதான் எரிச்சல்.

எங்கள் வீடு அழகாபுரத்தில். பல வீடுகளைப் போலவே இரண்டு தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறை வரும் மேட்டூர்த் தண்ணீர் கீழே தொட்டியில் சேரும். எந்நேரமும் கிடைப்பது போர்த் தண்ணீர். அது மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும். கடையிலிருந்து வந்த இளைஞர், "எது சார் குடிக்கிற தண்ணீர்?" என்று கேட்கவில்லை. சமையலறையில் கைக்கு எட்டிய குழாயில் யு.வி. இயந்திரத்தை இணைத்தார். அது போர்க்குழாய். "பாத்திரத்தில் வெள்ளை படிகிறதே, அது போகுமா?" என்று கேட்டேன். "எல்லாம் போய்விடும் சார்" என்றார்.

போகவில்லை. யு.வி. என்பது புற ஊதா ஒளி. கிருமியைச் செயலிழக்கச் செய்யும். கரைந்திருக்கும் உப்பைத் தொடாது. ஊரின் வடக்கே மாக்னசைட் தோண்டி எடுக்கும் குன்றுகள் நிற்கின்றன. அப்படிப்பட்ட பாறையில் ஊறி வரும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் இல்லாமலா இருக்கும்? குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். மொத்தக் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 1,380 மில்லிகிராம்; கால்சியம், மக்னீசியத்தின் அளவைச் சொல்லும் கடினத்தன்மை 620. இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கதாகச் சொல்வது முறையே 500, 200. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000, 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இயந்திரத்துக்குள் போன தண்ணீரிலும் வெளியே வந்த தண்ணீரிலும் மீட்டரை விட்டேன். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்.

உப்பு போகவில்லை, கிருமியாவது போயிருக்குமே என்று நினைத்தேன். ஐந்தாம் மாதம் மூடியைக் கழற்றியபோதுதான் புரிந்தது. விளக்கைச் சுற்றி ஒரு குவார்ட்ஸ் குழல் இருக்கும். தண்ணீர் அதன் வெளிப்புறமாக ஓடும். அந்தக் குழல் சுண்ணாம்பு பூசிய சுவர் போல இருந்தது; நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. ஒளி அதைத் தாண்டித் தண்ணீரைச் சேரவே இல்லை. வெளியே நீல விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. அது காட்டுவது மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே. கடினத்தன்மை 120-ஐத் தாண்டினால் யு.வி.க்கு முன்னால் அதைக் குறைக்கும் மென்னீராக்கி வேண்டும் என்பது இத்துறையில் சாதாரண அறிவு. அன்று வந்தவர் ஒரு துளியைக்கூடச் சோதிக்கவில்லை.

புகார் சொன்னதும் கடை வேறொருவரை அனுப்பியது. அவர் கையில் நான்கு கம்பிகள் கொண்ட ஒரு கருவி. எங்கள் போர்த் தண்ணீரை ஒரு டம்ளரிலும், தான் கொண்டுவந்த, சவ்வில் வடித்து உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றிக் கம்பிகளை இறக்கி மின்சாரம் விட்டார். ஒரு நிமிடத்தில் எங்கள் டம்ளர் துருப்பிடித்த சாக்கடையாகிவிட்டது. அவருடையது தெளிவாக நின்றது. "இதைத்தான் குடிக்கிறீர்கள் சார்" என்றார். அம்மா வாயில் கை வைத்துவிட்டார்.

நான் உப்பு ஜாடியை எடுத்து வந்து அவருடைய தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டேன். "இப்போது விடுங்கள்" என்றேன். அதுவும் பழுப்பாகிவிட்டது. நிறம் தண்ணீரிலிருந்து வருவதில்லை. உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது, இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது, அவ்வளவுதான். ரசத்தில் இறக்கினாலும் இதே வேடிக்கைதான்.

போரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கு ஆர்.ஓ. தேவைதான், மறுக்கவில்லை. சவ்வு உப்பைப் பெருமளவு பிரித்துவிடும். ஆனால் 620 கடினத்தன்மையில் அந்தச் சவ்விலும் சுண்ணாம்பு அடைக்கும். முன்னால் மென்னீராக்கியோ படிவுத் தடுப்பானோ உண்டா, ஒரு லிட்டருக்கு எவ்வளவு தண்ணீர் கழிவாக வெளியே போகும் என்று கேட்டேன். அவருக்குப் பதில் தெரியவில்லை.

கடைசியில் நான் ஆர்.ஓ. வாங்கவில்லை. மேட்டூர்த் தண்ணீரை அளந்தேன்: டி.டி.எஸ். 240, கடினத்தன்மை 110. அதில் உப்புப் பிரச்சினை இல்லை. தொட்டியில் நாட்கணக்கில் நிற்பதால் கிருமிப் பிரச்சினைதான். அதற்கு யு.வி. போதும். குழாய்க்காரரிடம் 600 ரூபாய் கொடுத்து அதே இயந்திரத்தைத் தொட்டித் தண்ணீருக்கு மாற்றினேன், புதுக் குழல் போட்டேன். கடையிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "இயந்திரம் நன்றாகத்தானே வேலை செய்கிறது சார்" என்றார்கள். இப்போது செய்கிறது, உண்மைதான்.