நியூயார்க்கின் காலை 6 மணி: யுடிசியா, உள்ளூர் நேரமா, மண்டலப் பெயரா?

2025 நவம்பர் 3, திங்கட்கிழமை. நியூயார்க்கில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு நாள்தோறும் காலை 6 மணிக்குப் போகவேண்டிய அறிக்கை, அன்று 5 மணிக்கே போய்விட்டது. சென்னையில் இருந்த எங்கள் குழுவில் யாரும் கவனிக்கவில்லை. லாகில் பிழை எதுவும் இல்லை. வேலை வெற்றிகரமாக முடிந்ததாகவே பதிவாகியிருந்தது. புதன்கிழமை அவர்களுடைய கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், அறிக்கையில் இருப்பவை முந்தைய நாளின் எண்கள் என்று எழுதிக் கேட்ட பிறகுதான் தேடத் தொடங்கினோம்.

காரணம் கிரான் அட்டவணையின் ஒரே வரியில் இருந்தது.

```
0 10 * * *  /opt/report/run.sh
```

சர்வரின் கடிகாரம் யுடிசியில் ஓடியது. கோடைக்கால நேரத்தில் நியூயார்க் யுடிசியைவிட 4 மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆகவே யுடிசி 10 மணி என்பது அங்கே காலை 6. நவம்பர் 2, ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு அங்கே கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்பி வைத்தார்கள். இடைவெளி 5 மணி நேரமானது, எங்கள் வேலை அங்கே காலை 5 மணிக்கு ஓடியது. மூலக் கோப்பு வருவது 5:20-க்கு. கோப்புறையில் இருப்பதிலேயே புதிய கோப்பை எடுக்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்ததால், அது பழைய கோப்பை எடுத்து அமைதியாக அனுப்பிவிட்டது.

இந்த வேலையை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று அன்று மூன்று வழிகளை எடுத்து வைத்துப் பேசினோம். அந்த மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

யுடிசியிலேயே விடுவது

இதன் பெரிய பலம், யுடிசியில் எந்த மணியும் காணாமல் போவதில்லை, எந்த மணியும் இருமுறை வருவதில்லை என்பது. காப்புப் பிரதி எடுப்பது, பழைய கோப்புகளைத் துடைப்பது, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையைக் காலி செய்வது போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அவற்றை எந்த மனிதரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் “காலை 6 மணிக்கு” என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தால் யுடிசி அந்த வாக்கைக் காப்பாற்றாது. ஆண்டுக்கு இருமுறை கையால் மாற்றிக்கொள்ளலாமே என்றார் ஒரு நண்பர். ஒரே ஊருக்கு என்றால் சமாளிக்கலாம். லண்டனும் பட்டியலில் இருந்தால் கதை வேறு. அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறில் மாறுகிறது, பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் மார்ச்சின் கடைசி ஞாயிறில் மாறுகின்றன. 2026-இல் அது மார்ச் 8-க்கும் 29-க்கும் இடையே மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான 5 மணி நேரத்துக்குப் பதில் 4 மணி நேரமே இருக்கும். இலையுதிர் காலத்தில் இதே குழப்பம் ஒரு வாரம் வரும். நினைவை நம்பி இதை நடத்துவது எனக்கு ஏற்புடையதல்ல.

மண்டலப் பெயரைச் சொல்லி ஓட்டுவது

ரெட் ஹேட் வகை லினக்ஸில் வரும் கிரானில் இப்படி எழுதலாம்:

```
CRON_TZ=America/New_York
0 6 * * *  /opt/report/run.sh
```

கோடையோ குளிரோ, அங்கே 6 மணி அடிக்கும்போது வேலை ஓடும். எங்கள் தேவைக்கு இது நேரடியான பதில். ஆனால் இதே இரண்டு வரிகளை டெபியன் அல்லது உபுண்டுவில் வழக்கமாக வரும் கிரானில் ஒட்டினால், முதல் வரி வெறும் சூழல் மாறியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, அட்டவணையைப் பொறுத்தவரை பொருளற்றுப் போகும். பிழைச் செய்தி வராது. வேலை சர்வரின் நேரப்படி 6 மணிக்கு ஓடும். அட்டவணையை மாற்றிய அன்றே, வேலை உண்மையில் எப்போது தொடங்கியது என்று லாகைப் பார்த்துவிடுவது ஒன்றுதான் இதைக் கண்டுபிடிக்கும் வழி. குபெர்னெட்டிஸில் 1.27 பதிப்பிலிருந்து `timeZone` என்ற புலம் முழுமையாக நிலைபெற்றுவிட்டது. அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் மண்டலப் பெயரைச் சொல்லி ஓட்டுவதில் வேறொரு சிக்கல் உண்டு. நியூயார்க்கில் மார்ச் மாதத்து அந்த ஞாயிறன்று 2:00 முதல் 3:00 வரையான நேரமே கிடையாது. 2:30-க்கு வைத்த வேலை என்ன ஆகும்? டெபியன் கிரான் அதைக் கைவிடாது. கடிகாரம் தாண்டியதும் உடனே ஓட்டிவிடும். நவம்பரில் 1:30 இரண்டுமுறை வரும்போதும் இருமுறை ஓடாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்தக் கவனிப்பு குறிப்பிட்ட நேரத்துக்கு வைத்த வேலைகளுக்குத்தான், அதுவும் சர்வரின் சொந்தக் கடிகாரமே மாறும்போதுதான். குபெர்னெட்டிஸ் பயன்படுத்தும் நூலகமோ, இல்லாத மணியில் விழுந்த வேலையை அந்த நாளுக்கு விட்டுவிடும். இரட்டிப்பான மணியில் இரண்டு முறையும் ஓட்டிவிடக்கூடும். ஒரே அட்டவணையை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இந்த நடத்தையும் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. எனவே மண்டலப் பெயரோடு ஓட்டும் எந்த வேலையையும் உள்ளூர் நேரம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் வைக்காதீர்கள். நள்ளிரவு வேலைகளை 2 மணிக்கு வைப்பது பலருக்குப் பழக்கம். நியூயார்க்கைப் பொறுத்தவரை அதுதான் மிக மோசமான மணி.

அடிக்கடி எழுந்து பார்ப்பது

மூன்றாவது வழியில், கிரான் யுடிசியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை எழுப்பும். அனுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதை நிரலே முடிவு செய்யும்.

```python
now = datetime.now(ZoneInfo("America/New_York"))
if now.hour >= 6 and not already_sent(now.date()):
    send_report(now.date())
```

கிரான் எப்படி நடந்துகொண்டாலும் கவலையில்லை. சர்வர் 5:55-க்கு விழுந்து 6:40-க்கு எழுந்தாலும் அறிக்கை போய்ச் சேரும். இருமுறை எழுப்பினாலும் ஒருமுறைதான் போகும், ஏனென்றால் அனுப்பியதற்கான அடையாளம் அந்த ஊரின் தேதி. இதன் விலை, `already_sent` என்பதை நம்பகமாக எங்காவது எழுதி வைக்கவேண்டும். தேதியின்மேல் தனித்துவக் கட்டுப்பாடு வைத்த ஒரு சிறு தரவுத்தள அட்டவணை போதும். நாங்கள் இதையே எடுத்துக்கொண்டோம். கூடவே, கோப்பின் தேதி இன்றையது இல்லையென்றால் அனுப்பாமல் நிற்கும்படியும் செய்தோம். உண்மையில் முதல் பிழை அங்கேதான் இருந்தது. கடிகார மாற்றம் அதை வெளியே கொண்டுவந்தது.

எழுதி வைக்கும் நேரம்

ஓட்டும் நேரம் சரியானதும், பதிவான நேரங்களில் இன்னொன்று கண்ணில் பட்டது. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்த ஒரு லாகில் மண்டலம் இல்லாத வெறும் உள்ளூர் நேரம் மட்டுமே இருந்தது. நவம்பர் 2 அன்று ஒரு வேலை 01:50-க்குத் தொடங்கி 01:10-க்கு முடிந்ததாக அதில் இருந்தது. கழித்துப் பார்த்தால் மைனஸ் 40 நிமிடம். நடந்தது, முதல் 1:50 என்பது யுடிசி 05:50, இரண்டாவது 1:10 என்பது யுடிசி 06:10. வேலைக்கு ஆனது 20 நிமிடம். மைனஸ் வந்ததால் பிடிபட்டது. 1:05-க்குத் தொடங்கி இரண்டாவது 1:25-க்கு முடிந்திருந்தால் 80 நிமிட வேலை 20 நிமிடமாகத் தெரிந்திருக்கும், யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வெறும் நேரத்தைப் பின்னால் யுடிசிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை ஓட்டிப் பார்க்க வேண்டும்:

```sql
SELECT timestamp '2025-11-02 01:30' AT TIME ZONE 'America/New_York';
```

போஸ்ட்கிரெஸ் இரண்டாவது 1:30-ஐ, அதாவது யுடிசி 06:30-ஐ எடுத்துக்கொள்கிறது. அதே நேரத்தைப் பைதானின் `zoneinfo`-விடம் கொடுத்தால், `fold` எதுவும் சொல்லாதவரை முதல் 1:30-ஐ, யுடிசி 05:30-ஐ எடுத்துக்கொள்ளும். ஜாவாவின் `ZonedDateTime`-உம் முதலாவதையே எடுக்கும். மூன்றும் தத்தம் ஆவணத்தில் சொன்னபடியே நடக்கின்றன. ஆனாலும் தரவுத்தளமும் நிரலும் ஒரு மணி நேரம் மோதிக்கொள்கின்றன. நடந்து முடிந்த நிகழ்வை யுடிசியிலோ, `-04:00` போன்ற விலகலோடோ எழுதினால் இந்த ஊகத்துக்கே இடமில்லை. இந்த இடத்தில் யுடிசிக்குப் போட்டியே கிடையாது.

வரப்போகும் நேரம் அப்படியல்ல. “எல்லாவற்றையும் யுடிசியில் வை” என்ற அறிவுரை இங்கேதான் ஏமாற்றுகிறது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, மாத இறுதியில் தொடங்கவேண்டிய கோடைக்கால நேரத்தை ரமலான் முடியும்வரை தள்ளிவைப்பதாகச் சில நாட்களுக்கு முன்புதான் அறிவித்தது. நாட்டில் ஒரு பகுதியினர் அதை ஏற்க மறுக்க, ஒரே நகரில் இரண்டு நேரங்கள் நடந்தன. பிறகு அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. உலகின் மண்டல விதிகளைத் தொகுக்கும் டேட்டாபேஸ் அந்த ஒரே மாதத்தில் இதற்காக `2023b` என்ற பதிப்பையும், அதைத் திருப்பிப் போட `2023c`-யையும் வெளியிட வேண்டியிருந்தது. பெய்ரூட்டில் ஏப்ரல் 5, காலை 10 மணி சந்திப்பை `2023b`-யின் விதிப்படி யுடிசியாக மாற்றி வைத்தவர், அரசு முடிவைத் திரும்பப் பெற்ற பிறகு தவறான மணியைத்தான் வைத்திருப்பார். “10:00” என்பதையும் `Asia/Beirut` என்பதையும் தனித்தனியாக வைத்தவர் புதிய பதிப்பை ஏற்றினால் போதும். போஸ்ட்கிரெஸின் `timestamptz` மண்டலப் பெயரைச் சேமிப்பதில்லை. யுடிசியாக மாற்றி வைத்துவிட்டுப் பெயரை விட்டுவிடுகிறது. எனவே பெயருக்கு இன்னொரு நெடுவரிசை தேவை.

விலகல் எண்ணையே மண்டலமாக நினைப்பது பழைய தரவிலும் காலை வாரும். இலங்கை இன்று +05:30-இல் இருக்கிறது. ஆனால் 1996-இல் முதலில் +06:30-க்கும் பிறகு +06:00-க்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. 2001-ஆம் ஆண்டுக் கொழும்புப் பதிவுகளை +05:30 என்று வைத்துப் படித்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம் தவறும். `Asia/Colombo` என்று கொடுத்தால் அந்த வரலாறு தானாக வரும்.

கடைசியாக, நம் ஊரில் எல்லோரும் எழுதும் மூன்று எழுத்துகள்: `IST`. ஜாவாவின் பழைய `TimeZone`-க்கு அது இந்திய நேரம். போஸ்ட்கிரெஸுக்கோ இயல்பான அமைப்பில், அமர்வு யுடிசியில் இருக்கும்போது, அது இஸ்ரேலின் நேரம், அதாவது +02:00.

```sql
SET timezone = 'UTC';
SELECT timestamptz '2025-11-03 10:00 IST';
```

விடை 08:00 என்று வரும். நாம் எதிர்பார்த்தது 04:30. மூன்றரை மணி நேர வித்தியாசத்தை எங்காவது பார்த்தால் முதலில் இதைத் தேடுங்கள். அந்த மூன்று எழுத்துகளை நீக்கி `+05:30` அல்லது `Asia/Kolkata` என்று எழுதியதும் அது மறைந்துவிடும்.