காக்கா கதைக்கு அட்டை, ஈ கதைக்கு வரைபடம்: ஐந்து வயதில் கதையை வரிசையாகச் சொல்லவைக்க எது எப்போது?

ஐந்து வயதுக் குழந்தையிடம் நன்றாகத் தெரிந்த கதை ஒன்றைத் திரும்பச் சொல்லச் சொன்னால், பெரும்பாலும் அதற்குப் பிடித்த இடம்தான் முதலில் வரும். பாட்டி வடை சுட்ட கதை என்றால் "நரி வடையத் தூக்கிட்டு ஓடிடுச்சு" என்று முடிவிலிருந்து ஆரம்பிக்கும். பாட்டி எங்கே, காக்கா எங்கே என்று கேட்டால் அதுவும் வரும். கதை உள்ளே முழுசாக இருக்கிறது, வரிசைதான் இல்லை.

இதற்கு யுகேஜியிலும் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டு கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று வரிசை அட்டைகள். கதையின் நிகழ்ச்சிகளைத் தனித்தனி அட்டைகளில் வரைந்து, கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வது. மற்றொன்று கதை வரைபடம். ஒரே தாளிலோ தரையிலோ கதை நடக்கும் இடங்களை வரைந்து, ஒரு பாதையால் இணைத்து, அந்தப் பாதையில் விரலையோ காலையோ வைத்துக்கொண்டு கதை சொல்லவைப்பது. இங்கிலாந்தில் பை கார்பெட் என்ற கல்வியாளர் பரப்பிய பேச்சுவழி எழுத்துப் பயிற்சியில் இந்த வரைபடத்துக்கு முக்கிய இடம் உண்டு.

இரண்டில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது என் எண்ணம். கையில் இருக்கும் கதையைப் பார்க்க வேண்டும். கதையில் இடம் எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

காக்கா வடைக் கதையையே எடுத்துக்கொள்வோம். பாட்டியின் அடுப்படி ஓர் இடம், மரம் இன்னோர் இடம், அவ்வளவுதான். காக்கா கிளைக்கு வந்ததிலிருந்து வடை கீழே விழும் வரை எல்லாம் ஒரே மரத்தில்தான் நடக்கிறது. இதற்கு வரைபடம் போட்டால் அடுப்பிலிருந்து மரத்துக்கு ஒரு கோடு வரும், அதோடு பாதை முடிந்துவிடும். குழந்தை விரலை மரத்தில் வைத்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு நரி வந்தது, பேசியது, காக்கா பாடியது என்று முக்கியமான எல்லாவற்றையும் வரைபடத்தின் உதவி இல்லாமல் நினைவிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரே மரத்தை நாலு தடவை வரைந்தால் "இத்தனை மரமா டீச்சர்?" என்று கேட்கும். கேட்பது நியாயம்தான்.

ஆகவே இந்தக் கதைக்கு அட்டை. ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் வரும் அளவு ஓர் அட்டைக்குப் போதும். ஆனால் எந்தெந்தக் காட்சியை வரைவது என்பதில்தான் வேலை இருக்கிறது. வழக்கமாக ஆறு வரைவார்கள்: பாட்டி வடை சுடுவது, காக்கா கவ்விப் பறப்பது, காக்கா கிளையில் வடையோடு உட்கார்ந்திருப்பது, நரி அண்ணாந்து பேசுவது, வடை விழுவது, நரி ஓடுவது. இதில் மூன்றாவது அட்டை தொல்லை கொடுக்கும். காக்கா வடையோடு தனியாக உட்கார்ந்திருக்கும் படத்தைக் குழந்தை நரி பேசுவதற்குப் பின்னால் வைத்துவிட்டு, "நரி போயிடுச்சு, காக்கா உக்காந்திருக்கு" என்று சொல்லும். படத்தை மட்டும் பார்த்தால் அதுவும் சரிதான். அது தப்பு என்று படத்தைக் காட்டி உங்களால் நிரூபிக்க முடியாது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒவ்வோர் அட்டையிலும் திரும்பிப் போக முடியாத ஒரு மாற்றம் இருக்க வேண்டும். தட்டில் இருந்த வடை அலகுக்கு வந்துவிட்டது. அலகில் இருந்தது அந்தரத்தில் விழுகிறது. அந்தரத்தில் இருந்தது நரியின் வாய்க்குப் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும் அட்டையை எடுத்துவிட்டு ஐந்தாக வைத்துக்கொண்டால், குழந்தை வடை எங்கே இருக்கிறது என்று பார்த்தே அடுக்கும். தப்பாக வைத்தாலும் அட்டையே காட்டிக்கொடுக்கும்: "வடை நரி வாய்க்குள்ள போயிடுச்சே, அப்புறம் எப்படிக் காக்கா வாயில இருக்கு?" என்று நீங்கள் கேட்டால் போதும், குழந்தையே இடம் மாற்றிவிடும். அட்டையின் பெரிய பலம் இதுதான். தப்பு செய்ய இடம் கொடுக்கிறது, தப்பை உடனே கையால் திருத்தவும் விடுகிறது.

அட்டையின் பின்னால் 1, 2, 3 என்று எண் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. சரிபார்க்க வசதிதான். ஆனால் குழந்தை சீக்கிரமே திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்ளும், அப்புறம் அடுக்குவது எண்ணைத்தான், கதையை அல்ல. நான் எண் போடச் சொல்ல மாட்டேன். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம் என்பது இந்த வயதில் பலருக்கு இன்னும் பழகியிருக்காது என்பதால், பாயின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பாட்டி பொம்மையை வைத்து "இங்கிருந்து ஆரம்பி" என்று காட்டுவது மட்டும் அவசியம். இல்லாவிட்டால் வலமிருந்து சரியாக அடுக்கிய குழந்தையைத் தப்பு என்று சொல்லிவிடுவோம்.

அட்டைக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. கதையில் கண்ணுக்குத் தெரியாதது அதில் விட்டுப்போகும். நரியின் தந்திரம் முழுக்கப் பேச்சில் இருக்கிறது. "உன் குரல் எவ்வளவு இனிமை, ஒரு பாட்டுப் பாடேன்" என்பதை எந்த அட்டையில் பார்ப்பது? அதனால் குழந்தை "நரி வந்துச்சு, அப்புறம் வடை விழுந்துடுச்சு" என்று தாண்டிவிடும். வரிசை சரி, கதை போய்விட்டது. நான்சி ஸ்டைன், கிறிஸ்டின் கிளென் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில் கதையை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, முதல் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளைத் திரும்பச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். பாத்திரம் மனசுக்குள் என்ன நினைத்தது என்ற பகுதிதான் சிறியவர்களிடம் அதிகம் விட்டுப்போனது. நம் நரி விஷயமும் அதேதான். இதற்கு நரி அண்ணாந்து பேசும் அட்டை கைகொடுக்கும், அதாவது வடை விழும் அட்டைக்கு முந்தைய இடம். அங்கே நரியின் வாயிலிருந்து ஒரு குமிழி வரைந்து, அதற்குள் காக்கா பாடுவதுபோல் போட்டுவிடுங்கள். பிறகு நரி அட்டைக்கும் வடை விழும் அட்டைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைத் தொட்டு "ஏன்?" என்று கேளுங்கள். "அப்புறம்" என்று ஓடிய வாக்கியம் அங்கேதான் "அதனால" என்று மாறும்.

இனி வரைபடத்துக்கு வருவோம். அதற்கென்றே பிறந்ததுபோல் நம்மிடம் ஒரு கதை இருக்கிறது: பேர் மறந்துபோன ஈ. வீடு மெழுகிக்கொண்டே தன் பேரை மறந்துவிட்டு, "கொழுகொழு கன்னே, என் பேர் என்ன?" என்று கிளம்புகிற ஈ. கன்றுக்குட்டி தாயைக் கேள் என்கிறது, தாய் தன்னை மேய்க்கிறவரைக் கேள் என்கிறது, அவர் கைக்கோலைக் காட்டுகிறார், கோல் மரத்தைக் காட்டுகிறது, மரம் கொக்கை, கொக்கு குளத்தை. ஊருக்கு ஊர் சங்கிலி நீளும், குறையும். கடைசியில் குதிரை "ஈஈஈ" என்று கனைக்க, ஈக்குப் பேர் கிடைத்துவிடும்.

இந்தக் கதைக்கு அட்டை போட்டுக் கலைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொக்கு அட்டையையும் கோல் அட்டையையும் பார்த்து எது முதலில் என்று சொல்ல, படத்தில் எந்தத் தடயமும் இல்லை. எல்லா அட்டையிலும் ஈ பறக்கிறது, கேட்கிறது. திரும்பிப் போக முடியாத மாற்றம் எங்குமே இல்லை. மனப்பாடம் இருந்தால் அடுக்கலாம், இல்லாவிட்டால் குழந்தை ஊகிக்கத்தான் வேண்டும். அங்கே அட்டை குழந்தையைச் சோர்வடைய வைக்கும்.

வரைபடத்தில் அதே கதை தானாக ஓடும். வகுப்பறைத் தரையிலோ முற்றத்திலோ கோலமாவால் வளைந்து போகும் ஒரு பாதை போட்டு, நிறுத்தத்துக்கு ஒரு வட்டம். கன்று, பசு, மேய்க்கிறவர், கோல், மரம், கொக்கு, குளம், கரையோரப் புல், குதிரை என்று ஒன்பது வட்டம் போதும். முழுச் சங்கிலியையும் போட்டால் நடுவில் கூட்டம் கலைந்துவிடும். சுருக்கும்போது ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொன்றும் முந்தையதைத் தொட்டே பேர் சொல்லப்பட வேண்டும். "கன்னின் தாயே, தாயை மேய்க்கிற ஆயா, ஆயன் கைக்கோலே" என்று போகிற அந்தத் தொடர்ச்சியை நடுவில் அறுத்துவிட்டால், குழந்தை சரியாக அந்த இடத்தில் நின்றுவிடும். பாதை தன்னைத்தானே வெட்டிக்கொண்டு போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டும் இடத்தில் குழந்தை வேறு வழியில் திரும்பிவிடும்.

குழந்தை வட்டத்துக்கு வட்டம் நடந்துகொண்டே சொல்லும்போது வரிசையைப் பற்றிய கவலையைக் கால் எடுத்துக்கொள்கிறது. வாய்க்குச் சொற்களைத் தேடுவது மட்டுமே மிச்சம். அதனால்தான் வகுப்பில் வாயே திறக்காத குழந்தைக்கு நான் முதலில் வரைபடத்தைத்தான் கொடுப்பேன். ஆனால் அதே காரணத்தால் வரைபடத்தை வைத்து ஒரு குழந்தைக்கு வரிசை தெரியுமா என்று சோதிக்க முடியாது. பாதை போகிற வழியில் போனாலே எல்லாம் சரியாக வந்துவிடும்.

வரைபடத்தில் வேறொன்றும் கெட்டுப்போகும், அது சட்டென்று கண்ணில் படாது. குழந்தை விரலால் காட்டிக்கொண்டு "இங்க போச்சு, அப்புறம் இங்க போச்சு, இதுகிட்ட கேட்டுச்சு" என்று சரளமாகச் சொல்லும். நமக்கும் படம் தெரிவதால் எல்லாம் புரிந்துவிடும், நன்றாகச் சொல்கிறாள் என்று தோன்றும். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். யார் யாரிடம் போனார்கள் என்று புரியாவிட்டால் கதையை விரல்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்போது இன்னொரு குழந்தையை வரைபடத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, "அவனுக்குத் தெரியல, அவனுக்குச் சொல்லு" என்றால் போதும். "எதுகிட்ட?" என்று அவன் கேட்பான், "கொக்குகிட்ட" என்று இவள் சொல்வாள்.

அட்டையில் இதற்கு இணையான கோளாறு, படத்துக்குப் பேர் வைப்பது. "இது பாட்டி. இது காக்கா. இது நரி." அடுக்கி முடித்த பிறகு அட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தால் இது குறையும். கவிழ்த்த அட்டைக்குப் பேர் வைக்க முடியாது, கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் கடைசி அட்டையைக் கவிழ்ப்பது சுலபம், ஏனென்றால் முடிவு எல்லோருக்கும் நினைவிருக்கும். நடு அட்டைகளைக் கடைசியில் கவிழ்க்கலாம்.

பெரிய வகுப்பில் இரண்டும் நடைமுறையில் எப்படி என்று கேட்டால், தரை வரைபடத்தைச் சுற்றி முப்பது பேர் உட்கார்ந்து, நடக்கிறவரோடு சேர்ந்து "என் பேர் என்ன?" என்று கத்தலாம். அட்டை நாலைந்து பேருக்கு மேல் தாங்காது, அடிதடி ஆகிவிடும். வகுப்பு மொத்தத்துக்கும் அட்டைதான் வேண்டுமென்றால் முழுத் தாளில் பெரிதாக வரைந்து, ஐந்து குழந்தைகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கட்டும். உட்கார்ந்திருப்பவர்கள் யார் எங்கே நகர வேண்டும் என்று சொல்வார்கள், காரணத்தையும் அவர்களே சொல்ல வேண்டும்.