சம்ப் கட்டப் போறவங்க கவனத்துக்கு: ஒரு லட்சத்து எண்பதாயிரம் போச்சு

நகரி பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுது. நகராட்சித் தண்ணி அஞ்சு நாளுக்கு ஒரு தடவை, மூணு மணி நேரம். வீட்டில் ஆறு பேர், தலைக்கு 135 லிட்டர்னு வச்சா நாளைக்கு 800 லிட்டர். ஒரு முறை தண்ணி தவறினா பத்து நாள் தாங்கணும், அதாவது 8000. அதனாலதான் 10,000 லிட்டர் சம்ப் கேட்டேன்.

காண்ட்ராக்டர் லிட்டருக்கு 18 ரூபாய் சொன்னார். சாக்பீஸில் சுவத்துல 8 x 7 x 6.5 அடின்னு எழுதி, கன அடிக்கு 28.3 லிட்டர்னு போன்லயே பெருக்கிக் காட்டினார். 10,301 வந்தது. "மேல முந்நூறு லிட்டர் உங்களுக்கு ஃப்ரீ அண்ணா"ன்னு சிரிச்சார். கணக்கைக் கண்ணாலேயே பார்த்தாச்சே, நம்பாம என்ன செய்ய? ஒரு லட்சத்து எண்பதாயிரத்தையும் மூணு தவணையில் கொடுத்து முடிச்சேன்.

போன வாரம் ஒரு முறை தண்ணி வரலை. ஆறாம் நாள் மோட்டார் வெறுமனே கத்துது, மாடி டேங்க்குக்கு ஒரு சொட்டு ஏறலை. மூடியைத் திறந்து டேப்பை விட்டு அளந்தேன். உள்பக்கம் 6.5க்கு 5.5 அடிதான் இருக்கு! அவர் எழுதினது தோண்டின குழியோட அளவு. சுத்தி ஒன்பது இஞ்ச் சுவர், அடியில் காங்கிரீட், மேல ஸ்லாப், எல்லாத்தையும் தண்ணின்னு சேர்த்து வித்திருக்கார். ஆழம் மிஞ்சினது 5.5 அடி. அதிலும் மிதவை வால்வு மேல ஒன்பது இஞ்ச் விட்டே மூடிக்குது, ஃபுட் வால்வு அடியில் ஒன்பது இஞ்ச் விட்டுத்தான் உறிஞ்சுது. எடுத்துப் புழங்க முடிஞ்சது நாலு அடி, கிட்டத்தட்ட 4000 லிட்டர். மாடி டேங்க் ஆயிரத்தையும் சேர்த்தா ஆறே நாள்.

வயித்தெரிச்சல் என்னன்னா, எங்க குழாயில் 20 லிட்டர் பக்கெட் நாற்பது செகண்டில் நிறையுது. மூணு மணி நேரத்துக்கு 5400 லிட்டர். வர்ற தண்ணியைப் பிடிச்சு வைக்கவே இடமில்லை.

கேட்டா, "எல்லாரும் குழி அளவுதாண்ணா போடுவாங்க." மறுநாள், "ஏமீ காதண்ணா, மாடியில் 5000 லிட்டர் டேங்க் வச்சிடுங்க." அஞ்சு டன் எடையைப் பழைய மாடி தாங்குமான்னு கேட்டதும் லைன் கட். இப்போ ரிங் போகுது, எடுக்கறதில்லை. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு ரசீதுன்னு இருக்கறது கையெழுத்தில்லாத ஒரு துண்டுச் சீட்டு.

விவரமா எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குது. இதை மட்டும் செய்யுங்க: பூச்சு முடிஞ்ச பிறகு உள்அளவு எவ்வளவு, ஃபுட் வால்வுக்கும் மிதவைக்கும் நடுவில் எத்தனை லிட்டர்னு சீட்டில் எழுதி வாங்குங்க. ஸ்லாப் போடறதுக்கு முன்னாடி நீங்களே இறங்கி டேப் பிடிங்க. கடைசித் தவணையை அளந்த பிறகு கொடுங்க.